சுரைக்குடுக்கையும் புல் பாயும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது பெரும்பாலும் பாசனக் கிணற்றில்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிடுவார்கள். இப்போது குடுக்கையின் இடத்தைப் பிளாஸ்டிக் கேன் பிடித்துக்கொண்டது. கிணற்றில் பழகியவர்கள் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். எதிரே சுவர் வருகிறதா, மேலிருந்து யாராவது குதிக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டுமே!

அந்தப் பழக்கத்தோடு நீச்சல் குளத்துக்கு வந்து ஃப்ரீஸ்டைல் அடித்தால் கால் கீழே இறங்கிவிடும். நெஞ்சுக்குள் நுரையீரல் காற்றை வைத்திருப்பதால், தண்ணீர் நம்மை மேலே தள்ளும் விசை மார்புப் பக்கம் மையம் கொள்கிறது. உடலின் எடை மையமோ இடுப்புக்கு அருகே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய தூரம்தான். ஆனால் அதுவே மார்பை மேலேயும் காலைக் கீழேயும் திருப்பப் போதும். தலையைத் தூக்கினால் கால் இன்னும் இறங்கும். சாய்ந்த உடல் அதிகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பயிற்சியாளர் அப்போது கொடுப்பதுதான் புல் பாய்: இரு தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும், எட்டு வடிவ நுரைக்கட்டை. கால் மேலே வந்துவிடும், உதைக்கவே வேண்டாம், கைவீச்சில் மட்டும் கவனம் வைக்கலாம். வேகமும் கூடும். சிக்கல் தொடங்குவது இந்த வேகத்தில்தான்.

ஒருவர் 100 மீட்டரை வெறும் உடம்போடு 1 நிமிடம் 50 விநாடியிலும், புல் பாயோடு 1 நிமிடம் 40 விநாடியிலும் நீந்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் 10 விநாடி அவருடைய கைபலம் அல்ல. கால் தாழ்வதால் அவர் வழக்கமாக இழக்கும் நேரம். நன்றாக உதைக்கத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும்: உதை போய்விடுவதால் புல் பாயோடு வேகம் குறையும். ஆகவே புல் பாயை நான் முதலில் ஒரு சோதனைக் கருவியாகத்தான் மதிக்கிறேன். பெரிய வித்தியாசம் தெரிந்தால், 50 மீட்டர் பாயோடும் அடுத்த 50 மீட்டர் பாய் இல்லாமலும் மாற்றி மாற்றி நீந்த வேண்டும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். மூச்சு வாங்கும்போது தலையைத் தூக்காமல் உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கைவீச்சுகளை எண்ண வேண்டும். பாய் இல்லாத எண்ணிக்கை, பாயோடு நீந்தும் எண்ணிக்கையை நெருங்கி வந்தால் உடல் கற்றுக்கொள்கிறது என்று பொருள். பயிற்சி முழுவதும் பாயோடே நீந்துபவருக்கு இடுப்பைத் தாங்கும் வயிற்றுத் தசைகள் தம் வேலையைப் பழகுவதே இல்லை.

மிதவை எவ்வளவு பெரிய உதவி என்பதை 2009 ரோம் உலகப் போட்டி காட்டியது. பாலியூரித்தேன் நீச்சலுடைகள் உடலை இறுக்கி, நீரில் சற்று உயர்த்திவைத்தன. அந்த ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள் வீழ்ந்தன. 2010 ஜனவரி முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது.

கையில் மாட்டும் பேடிலும் புதிய சரக்கு அல்ல. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது, ஓவியரின் வண்ணத்தட்டு போன்ற இரு பலகைகளைக் கையில் பிடித்து நீந்தியிருக்கிறார். வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு சோர்ந்தது என்று பின்னாளில் எழுதினார். இன்றும் கதை அதேதான். உள்ளங்கையின் பரப்பு கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் தோள்மூட்டுக்கு வரும் சுமையும் கூடும். கை தலையைத் தாண்டி மறுபக்கம் குறுக்கே இறங்குவதும், முழங்கை தொய்ந்து இழுப்பதும் வெறுங்கையில் சிறு பிழைகள். பேடிலோடு ஆயிரம் முறை செய்தால் அவை தோள்வலியாக மாறும். இந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மணிக்கட்டு வாரைக் கழற்றி, நடுவிரல் வாரை மட்டும் மாட்டி நீந்துங்கள். கை தவறாக இறங்கினால் பேடில் உடனே ஆடும், சில சமயம் கழன்று மிதக்கும். பேடில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும்.

காலில் மாட்டும் ஃபின்ஸ் உதவுவது விறைத்த கணுக்காலுக்கு. பலகையைப் பிடித்து உதைத்தும் நகராமல் நிற்பவர்களுக்குப் பாதம் பின்னோக்கி நீளாததே பெரும்பாலும் காரணம். குட்டை ஃபின்ஸ் பாதத்தை நீட்டிப் பழக்கும்; பக்கவாட்டில் படுத்து மெதுவாகச் செய்யும் பயிற்சிகளில் மூழ்காமல் தாங்கும். ஆனால் சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்கி உதைப்பவரையும் அது முன்னே தள்ளிவிடுவதால், பிழை மறைந்துபோகும்.

வளரும் பிள்ளைகளின் கையில் பேடிலைக் கொடுக்காதீர்கள். தோளில் குத்து வலி வந்தால் பெரியவர்களும் அன்றைக்கே அதைக் கழற்றிவிட வேண்டும். எந்தக் கருவியோடு நீந்தினாலும் அடுத்த சுற்றை வெறும் உடம்போடு நீந்துங்கள். போட்டி விதிகள் இந்த மூன்றில் எதையும் அனுமதிப்பதில்லை.