கேடயத்தால் தீராத சோர்வு

பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாளில் எழுதித் தருபவரை ஸ்க்ரைப் என்கிறோம். பல ஊர்களில் கல்லூரி மாணவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் இதைச் சேவையாகச் செய்கிறார்கள். அப்படி ஒரு தன்னார்வக் குழு, ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு “நாளைக்கு யார் வர முடியும்?” என்று கேட்டால் பதில் போடுவது ஐந்தாறு பேர்தான். ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட்டு ஒரு பாராட்டு விழா வைக்கிறார். கேடயம், சான்றிதழ், சாப்பாடு எல்லாம் உண்டு. அடுத்த பருவத் தேர்விலும் பதில் போடுவது அதே ஐந்தாறு பேர்தான்.

“இப்பல்லாம் யாருக்கும் சேவை மனப்பான்மை இல்லை” என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனம் இருந்தும் வராமல் போகிறவர்களே அதிகம். அவர்களை எது தடுக்கிறது என்று பார்க்க, நிர்வாகவியல் மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் மூன்று கோட்பாடுகள் உதவும்.

ஆபிரகாம் மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரை, மனிதத் தேவைகளை உடல், பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்னை முழுமையாக்கிக்கொள்ளல் என்று வரிசைப்படுத்தியது. ஒரு படி முழுசாக நிறைந்தால்தான் அடுத்த படி என்று பலரும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை. சராசரி மனிதருக்குக் கீழ்த்தேவைகள் பெருமளவும், மேலே போகப்போகக் குறைவாகவும் நிறைந்திருக்கும் என்றார். இந்த வரிசைக்குப் பின்வந்த ஆய்வுகளில் பெரிய ஆதரவும் கிடைக்கவில்லை. ஆனாலும் நம் குழுவுக்கு அது ஒன்றைக் காட்டுகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞருக்குப் போகவர ஆகும் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் உண்மையான கணக்கு. ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; நாலு பேரோடு சேர்ந்திருப்பதுதான் அவருக்கு வேண்டும். ஆனால் ஸ்க்ரைப் வேலைக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. இருவருக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே கேடயம் என்றால் இருவருடைய தேவையும் தொடப்படாமலே நின்றுவிடும்.

அடுத்தவர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிக நிறைவாக இருந்த ஒரு சமயத்தையும் மிகக் கசந்துபோன ஒரு சமயத்தையும் சொல்லச் சொன்னார். 1959-ல் அது புத்தகமாக வந்தது. நிறைவு தந்தவை பெரும்பாலும் சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு. கசப்பு தந்தவை வேறு: நிர்வாக விதிகள், மேற்பார்வை, பணிச்சூழல், சக மனிதர்களோடு உறவு. இந்த இரண்டாம் வகைக்குச் சுகாதாரக் காரணிகள் என்று பெயர் வைத்தார். சாக்கடையை மூடினால் நோய் வராது, ஆனால் அதனாலேயே உடம்பில் பலம் ஏறிவிடாது அல்லவா, அதுபோல.

ஸ்க்ரைப்பின் ஒரு நாளை இதில் வைத்துப் பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வருகிறது. காலையில் கல்லூரி வாசலில் காவலாளி உள்ளே விட மறுக்கிறார். அனுமதிக் கடிதம் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. விடையைச் சொல்லிக்கொடுக்க வந்தவரோ என்ற சந்தேகத்தோடு கண்காணிப்பாளர் பார்க்கிறார். மூன்று மணி நேரத் தேர்வு என்று நினைத்து வந்தவருக்கு, அது நான்கு மணி நேரம் என்று அங்கே போனபிறகுதான் தெரிகிறது. மத்திய சமூகநீதித் துறையின் வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் மாணவரின் உரிமை. அதை முன்கூட்டியே சொல்லாதது குழுவின் தவறு. மதியம் வேலைக்குப் போக வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்தபடி எழுதுவார், அடுத்தமுறை போனை எடுக்க மாட்டார்.

இவை அத்தனையும் சுகாதாரக் காரணிகள். மேடையில் தரும் அங்கீகாரம் இன்னொரு பட்டியலைச் சேர்ந்தது. அதனால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது. மூன்று நாள் முன்னதாகத் தகவல், முடியும் நேரத்தோடு சேர்த்து; அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் முன்கூட்டியே கையில்; போக்குவரத்துச் செலவு அன்றைக்கே. இவ்வளவுதான் மருந்து. இதைச் செய்தால் முணுமுணுப்பு அடங்கும். ஆர்வம் தானாகப் பொங்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

முணுமுணுக்காமலே விலகுகிறவர்களும் உண்டு. என் பார்வையில் அவர்கள்தான் முக்கியம். வரலாறு, தமிழ்த் தேர்வுகளுக்கு வருவார்கள். கணிதம், புள்ளியியல் என்றால் “அன்னைக்கு வேற வேலை இருக்கே சார்” என்பார்கள். இங்கே விக்டர் வ்ரூம் 1964-ல் சொன்ன எதிர்பார்ப்புக் கோட்பாடு வேண்டும். முயன்றால் நம்மால் செய்ய முடியுமா, செய்தால் பலன் கிடைக்குமா, அந்தப் பலன் நமக்கு எவ்வளவு வேண்டும் என்ற மூன்று கேள்விகள். மூன்றின் மதிப்பையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும் என்றார் அவர்.

ஒரு தன்னார்வலருக்கு மாணவர்மீது அக்கறை 0.9, பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை 0.8, கணிதத் தேர்வை எழுத முடியும் என்ற தைரியம் 0.1 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.072. பாராட்டு விழா வைத்து அக்கறையை 1 ஆக்கினாலும் 0.08-தான். தைரியத்தை 0.7 ஆக்கினால் 0.504. எண்கள் உதாரணத்துக்குத்தான். கையை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவை காட்டிவிடுகின்றன.

தைரியம் ஏன் இல்லை? 2018-ல் வந்த வழிகாட்டுதல், தேர்வர் தாமே அழைத்துவரும் ஸ்க்ரைப்பின் கல்வித்தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது. நேர்மைக்காக வந்த விதி. ஆனால் பட்டப்படிப்புக் கணிதத்தை, அதைப் படிக்காதவர் எழுத வேண்டியிருக்கிறது. மாணவர் “எக்ஸ் பிளஸ் டூ பை த்ரீ” என்கிறார். மூன்றால் வகுபடுவது இரண்டு மட்டுமா, எக்ஸும் சேர்த்தா? தப்பாக எழுதினால் போவது இன்னொருவருடைய மதிப்பெண். இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் “வேற வேலை” வருகிறது. தேர்வுக்கு முன் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, “முழுவதும் கீழே மூன்று” என்பதுபோலச் சொல்முறையை முடிவுசெய்து, பழைய வினாத்தாளில் பத்துக் கணக்கை எழுதிப் பார்த்துக்கொண்டால் போதும். பாடம் தெரிய வேண்டியதில்லை, குறியீடு தெரிந்தால் போதும்.

வ்ரூமின் இரண்டாவது கேள்வியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முடிவு வந்ததா, தேறினாரா என்று யாரும் ஸ்க்ரைப்புக்குச் சொல்வதில்லை. மாணவர் சம்மதித்தால் சொல்லலாம். ஆனால் தேர்ச்சியை ஸ்க்ரைப்பின் பலனாக ஆக்கிவிடக் கூடாது, அது அவர் கையில் இல்லை. சொன்னது சொன்னபடி தாளில் ஏறியதா, தெரிந்த விடை எதுவும் நேரமின்றி விடுபட்டதா என்பதே அவருடைய பலன். தேர்வு முடிந்த அன்று மாணவர் இதை ஒரு குரல்பதிவில் சொல்லிவிட முடியும்.

யாருக்கு எது குறை என்று கண்டுபிடிக்க, ஹெர்ஸ்பெர்க்கின் அதே இரு கேள்விகளோடு ஏழெட்டுப் பேரிடம் தனித்தனியாகப் பேசலாம். விலகியவர்களை விட்டுவிடக் கூடாது. இந்தப் பேச்சை மட்டும் நம்பவும் கூடாது. நல்லதுக்குத் தன்னையும் கெட்டதுக்குச் சூழ்நிலையையும் காரணம் காட்டுவது மனித இயல்பு என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முறைமீது வைக்கப்பட்ட முக்கியமான விமர்சனம். பயந்தவரும் பஸ்ஸைத்தான் குறை சொல்வார். அதனால் யார் எந்தப் பாடத்தை மறுத்தார் என்ற பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கோட்பாட்டுக்கும் அடங்காத தடையும் உண்டு. பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு நடக்கும் அதே வாரங்களில் கல்லூரித் தன்னார்வலருக்கும் தேர்வு. அவரை ஊக்கப்படுத்துவதில் பயனில்லை. அந்த வாரங்களுக்கு இல்லத்தரசிகளையும் ஓய்வுபெற்றவர்களையும் கல்வித்தகுதி விதிக்கு உட்பட்டு முன்பே பட்டியலில் சேர்த்து, கணிதக் குறியீட்டுப் பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.