ஒலியை அணைத்துப் பார்ப்பவரும் திருத்தப்படாத சப்டைட்டிலும்

காணொளியில் பேசப்படுவதைக் கணினியே எழுத்தாக்கித் திரையின் கீழே காட்டுவது தானியங்கி சப்டைட்டில் எனப்படும். அதை ஒரு முறைகூடப் படித்துப் பார்க்காமல் வெளியிடும் பழக்கம், மக்களுக்கு அறிவுரை சொல்லும் மருத்துவமனைகளிடமும் அரசுத் துறைகளிடமும்கூடக் காணப்படுவது பொறுப்பின்மையே ஆகும். ஒலியுடன் பார்ப்பவர் எழுத்து பிழைபட்டாலும் காதால் அறிந்துகொள்வார். பேருந்திலும் மின்சார ரயிலிலும் ஒலியை அணைத்துப் பார்ப்பவருக்கோ அந்த எழுத்தைத் தவிர வேறு சான்று இல்லை.

ஆபத்தானவை எழுத்துப்பிழைகள் அல்ல, சரியான சொல்லைப் போலவே தோன்றும் வேறு சொற்களே. ஒரு மருத்துவர், “அர மாத்திர போதும், வெறும் வயித்துல வேணாம்” என்று விரைந்து பேசும்போது, ‘அர’ என்பது ‘ஆறு’ எனவும் ‘வேணாம்’ என்பது ‘வேணும்’ எனவும் பதிவானால், அறிவுரை தலைகீழாக மாறிவிடும். ஆயினும் வாக்கியம் பிழையின்றி அமைந்திருப்பதால் படிப்பவருக்கு ஐயமே எழாது. எனவே சரிபார்ப்பவர் எழுத்தை மட்டும் படிக்காமல், ஒலியைக் கேட்டபடியே எண்கள், எதிர்மறைச் சொற்கள், பெயர்கள், தேதிகள் ஆகியவற்றை முதலில் ஒப்பிட வேண்டும்.

யூடியூபில் வெளியிடுவோர் YouTube Studio பக்கத்தில் Subtitles பகுதிக்குச் சென்று, தானியங்கி வரிகளுக்கு உரிய Duplicate and edit என்பதைத் தேர்ந்து, பிழைகளைத் திருத்தியபின் Publish பொத்தானை அழுத்த வேண்டும்; வரைவாகச் சேமித்து நிறுத்திவிட்டால் பார்வையாளருக்குப் பழைய பிழையே தெரியும். எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். அவ்வாறு பதிந்த எழுத்தைப் பின்னர் தனியே திருத்த முடியாது, யூடியூபில் அதே இணைப்பில் புதிய காணொளியை மாற்றி வைக்கவும் இயலாது. ஆகவே திருத்தம் பதிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பார்வையாளர் சப்டைட்டில் அமைப்பைத் திறந்து, மொழியின் பெயருக்கு அருகில் auto-generated என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். அரசுக் காணொளியில் பிழை கண்டால், காணொளியின் இணைப்பு, பிழை வரும் நிமிடமும் நொடியும், பேசப்பட்ட சொல், திரையில் வந்த சொல், திரைப்பிடிப்புப் படம் ஆகியவற்றுடன் pgportal.gov.in தளத்தில் உரிய துறையின் பெயரில் புகாரளிக்கலாம்; ‘சப்டைட்டில் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் எந்த அலுவலரும் எதையும் திருத்தப்போவதில்லை. மின்னணு ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு சப்டைட்டில் வசதி கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42ஆம் பிரிவு கூறுவதால், செவித்திறன் குறைந்தோர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். பயணத்தில் ஒலியை அணைத்துப் பார்க்கும் மற்றவர்களுக்கு இச்சட்டம் தனி உரிமை எதையும் தரவில்லை.

ஆதலால் மருந்தின் அளவு, கடைசித் தேதி, கட்டணம் ஆகிய மூன்றையும் ஒலியுடன் ஒரு முறை கேட்காமல், அல்லது எழுத்து வடிவிலான அறிவிப்போடு ஒப்பிடாமல், சப்டைட்டிலை மட்டும் நம்பி எவரும் செயல்படக் கூடாது.