வறுத்த தேதி என்ன?

மளிகைக் கடையில் ஃபில்டர் காபித்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விலை, எடை, பேக் செய்த மாதம், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்ற வரி எல்லாம் இருக்கும். கொட்டையை வறுத்தது எந்தத் தேதியில் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. சட்டம் அதைக் கேட்பதில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

ஊரில் ஒரே ஒரு கடை வைத்து, கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சிறிய காபிக்காரர் ஒருவர், நாடு முழுக்க விற்கும் ராட்சத பிராண்டுக்கு எதிரே நிற்க வேண்டுமென்றால், அவருக்கான இடம் அந்த அச்சிடப்படாத தேதியில் இருக்கிறது.

எதிரே நிற்பது யார் என்பதையும் பார்த்துவிடலாம். புரூ காபியை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர், 2023-24 நிதியாண்டில் தன் எல்லாப் பொருட்களுக்கும் சேர்த்து விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்குவிப்புக்கும் செலவிட்டது 6,000 கோடி ரூபாய்க்கு மேல். காபிக்குப் போவது அதில் ஒரு துளிதான். ஆனால் அந்தத் துளியே ஊர்க்கடைக்காரரின் பல வருட மொத்த விற்பனையை விழுங்கிவிடும். தொலைக்காட்சியில் அவர்கள் ஒரு முறை தும்மினால் இவர் ஒரு மாதம் படுக்க வேண்டும்.

சிறியவர் பெரியவரை எதிர்ப்பதற்கு விளம்பர உலகில் ஒரு தனி இலக்கணமே உண்டு. ஆடம் மார்கன் என்ற பிரிட்டிஷ்காரர் 1999-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இப்படிப்பட்டவற்றை ‘சேலஞ்சர் பிராண்ட்’ என்று அழைக்கிறார்கள். அதில் அடிப்படையான யோசனை ஒன்று: பெரியவரின் பலம் எதுவோ, அதுவே அவருக்குச் சுமையாக மாறும் இடத்தில் போய் நில். அமெரிக்காவில் வாடகைக் கார் தொழிலில் இரண்டாம் இடத்தில் இருந்த ஏவிஸ், 1962-இல் ‘நாங்கள் இரண்டாவதுதான், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்’ என்ற பொருளில் விளம்பரம் செய்தது. முதலிடத்தில் இருப்பவர் எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

நம் ஊரிலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. கடலூரில் 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கியது சிக் ஷாம்பு. காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். முதலில் எந்த நிறுவனத்தின் பாக்கெட்டானாலும் சரி என்றவர், பிறகு சிக் பாக்கெட் மட்டுமே செல்லும் என்று மாற்றினார். மற்றவர்கள் விளம்பரம் செய்து வளர்த்த பழக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட வித்தை அது. 1999-இல் ஐம்பது காசுக்கு ஒரு பாக்கெட் கொடுத்து விலையிலும் அடித்தார்.

காபிக்காரர் இதில் முதல் பாதியைக் காப்பியடிக்கலாம், இரண்டாம் பாதியைக் கூடாது. காரணம், கொட்டை விலையை முடிவு செய்வது சேலமோ சிக்கமகளூரோ அல்ல. லண்டன், நியூயார்க் சந்தைகள். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதனால் உலக விலை ஏறினால் உள்ளூர் விலையும் கூடவே ஏறும். 2024-லும் 2025 தொடக்கத்திலும் அராபிகா, ரொபஸ்டா இரண்டும் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டபோது சிறியவர்கள் மூச்சுத் திணறினார்கள். பெரிய நிறுவனம் மாதக்கணக்கில் முன்கூட்டியே கொள்முதல் செய்து வைத்திருக்கும். வாராவாரம் மூட்டை வாங்குபவர் அதனுடன் விலைப்போட்டி போடுவது மூழ்குவதற்குச் சமம்.

சரி, தேதிக்கு வருவோம். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். மணமும் அதோடு சேர்ந்தே இருக்கும். முழுக் கொட்டையாக இருக்கும்வரை அது மெல்லத்தான் வெளியேறும். அரைத்துவிட்டால் ஓட்டம் பிடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மிச்சத்தைக் கெடுக்கும். பெரிய நிறுவனத்தின் தூள் தொழிற்சாலையிலிருந்து கிடங்கு, விநியோகஸ்தர், மொத்தக் கடை, மளிகைக் கடை என்று இறங்கி வீட்டுக்கு வரவேண்டும். நல்ல உறைகள் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்க அவர்களால் முடியாது. நாடு முழுக்கப் பரவியிருப்பதுதான் அவர்கள் பலம், அந்தப் பரப்பே இந்த ஒரு விஷயத்தில் பாரம். தெருமுனைக்காரர் செவ்வாய்க்கிழமை வறுத்ததை வியாழக்கிழமை கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கலாம். (வறுத்த அன்றே அரைக்க வேண்டும் என்பதில்லை. வாயு அதிகமிருந்தால் டிகாக்‌ஷன் சீராக இறங்காது, ஒரு நாள் ஆறவிடுவது நல்லது.)

இதை வாயால் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ‘புத்தம் புதியது’ என்று எல்லா உறையிலும்தான் எழுதியிருக்கிறது. காட்ட வேண்டும். கடை மேசையில் இரண்டு ஃபில்டர்களை மூடி திறந்து வைக்கலாம். ஒன்றில் இரண்டு நாள் முன்பு வறுத்த தூள், இன்னொன்றில் கடைக்காரரே வேண்டுமென்று இரண்டு மாதம் பிரித்து வைத்திருந்த தன் சொந்தத் தூள். இரண்டும் ஒரே கலவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிக்கரி நுரைக்காது. கொதிநீர் விட்டதும் புதுத்தூள் நுரைத்து உப்பி மேலெழும். பழையது சேறுபோல அப்படியே அமிழும். போட்டியாளரின் பாக்கெட்டைக் காட்டவே தேவையில்லை. காட்டினால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். பார்த்தவர் வீட்டுக்குப் போய்த் தன் ஃபில்டரைத் தானே எட்டிப் பார்ப்பார்.

அடுத்து, பணம். ஒரு கணக்குக்காக, கிலோ 800 ரூபாய்க்கு விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடக்கம் போக கிலோவுக்கு 150 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு வீட்டுக்கு மாதம் முக்கால் கிலோ என்றால், 2,000 வீடுகள் இருந்தால் மாதம் 1,500 கிலோ, நாளுக்கு 50 கிலோ. வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு குறையும். சிக்கரியும் சேரும் என்பதால், 15 கிலோ பிடிக்கும் ஒரு டிரம் நாளுக்கு நான்கு முறை சுற்றினால் போதும். ராட்சதனை வீழ்த்த வேண்டியதில்லை, இரண்டாயிரம் சமையலறைகள் போதும் என்பதை இந்தத் தொழிலில் பலர் கடன் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள்.

மாத விற்பனை 12 லட்சம். அதில் மூன்று சதவீதம், அதாவது 36,000 ரூபாயை விளம்பரத்துக்கு ஒதுக்கினால் தொலைக்காட்சியில் எதுவும் கிடைக்காது. ஆனால் 100 கிராம் மாதிரிப் பொட்டலங்கள், உறையோடு சேர்த்து 72 ரூபாய் அடக்கத்தில், 500 போடலாம். நூறு கிராம் ஏன்? ஒரு சிறு வீட்டின் மூன்று நாள் காலைக் காபிக்கு அது வரும். புதுக் காபியை முதல் நாள் நாக்கு மறுக்கும், இரண்டாம் நாள் சந்தேகப்படும், மூன்றாம் நாள்தான் தீர்ப்புச் சொல்லும். ஒரு டம்ளர் இலவசமாகக் கொடுப்பதில் இந்தப் பயன் இல்லை. பத்தில் ஒரு வீடு தங்கினால் 50 புதிய வீடுகள், ஒரு வீட்டைப் பிடித்த செலவு 720 ரூபாய். அந்த வீடு மாதம் தருவது 112 ரூபாய் என்றால், செலவு திரும்ப ஆறேழு மாதம் ஆகும். இருபதில் ஒரு வீடுதான் தங்குகிறது என்றால் ஒரு வருடத்துக்கு மேல். அப்போது பொட்டலத்தை நிறுத்திவிட்டுத் தூளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி ஓட்டல். ஊரில் பேர் பெற்ற மெஸ் ஒன்றில் நம் தூள் ஓடினால், அங்கே காபி குடிப்பவர்களில் சிலர் ‘என்ன தூள் இது?’ என்று கேட்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பலகை இருந்தால் கேட்கவும் வேண்டாம். ஆனால் ஓட்டல்காரர் கேட்பது பெரும்பாலும் சிக்கரி தூக்கலான மலிவுக் கலவையும் நாற்பது நாள் கடனும். அந்தக் கலவைக்கு நம் பெயர்ப் பலகையை மாட்டுவது, நம் காசில் நம்மையே கெடுத்துக்கொள்வது. பெயர் போடும் இடத்தில் வீட்டுக்கு விற்கும் அதே தூள், மற்ற இடங்களில் பெயரில்லாமல் விற்பனை என்று பிரித்துக்கொள்வதே நல்லது. மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஓட்டலை நம்பியிருந்தால், அவர் பணம் தரத் தாமதிக்கும் மாதத்தில் கொட்டை மூட்டை வராது.

பெயர் என்றதும் நெடுஞ்சாலைகள் நினைவுக்கு வருகின்றன. ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளை எண்ணிக்கொண்டே சென்னையிலிருந்து திருச்சி போய்விடலாம். அந்தப் பெயர் எல்லோருக்கும் பொது. அதன் மேல் ஒருவர் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த பலகைக்காரருக்கும் வேலை செய்யும். 1926-இல் தொடங்கிய சேலத்து நரசுஸ் இன்றும் ‘பேஷ் பேஷ்’ என்ற இரண்டு சொற்களால் நினைவில் நிற்கிறது. சென்னையின் லியோ காபிக்கு விளம்பர இசை போட்ட இளைஞர் ‘ரோஜா’வுக்கு முந்தைய ஏ.ஆர். ரஹ்மான். இரண்டுமே பெரும் பணத்தின் சாதனை என்பதைவிட, வேறு யாரும் ஒட்டிக்கொள்ள முடியாத ஓர் அடையாளத்தைப் பிடித்ததன் பலன்.

இந்த உத்தி உடையும் இடம் பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கிறது. கொட்டை விலை ஏறும் மாதத்தில் 80-க்கு 20 என்றிருந்த கலவை சத்தமில்லாமல் 70-க்கு 30 ஆகும். சிக்கரி பல மடங்கு மலிவு, டிகாக்‌ஷனும் கறுப்பாகக் கெட்டியாக இறங்கும், பார்வைக்குக் குறை தெரியாது. சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் ஒரு தம்ளர் தண்ணீரில் தூளைத் தூவினாலே காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். தேதியைக் கேட்கப் பழக்கிய வாடிக்கையாளர் இதையும் ஒருநாள் செய்து பார்ப்பார். விலை ஏறும்போது விகிதத்தைத் தொடாமல் விலையை ஏற்றி, பழைய விலையில் 70-30 வேண்டுமா என்று பலகையில் எழுதிக் கேட்பவருக்குச் சில வீடுகள் போகும். மற்றவை தங்கும்.

கடை நன்றாக ஓடியதும் பக்கத்து மாவட்டத்து விநியோகஸ்தர் ஒருவர் வருவார். மாதம் 500 கிலோ தூள் எடுக்கிறேன், மளிகைக் கடைகளில் போடுகிறேன் என்பார். ஆசை காட்டும் எண்தான். ஆனால் அந்தத் தூள் அங்கே ஆறு வாரம் அலமாரியில் கிடக்கும், உறையில் வறுத்த தேதி அச்சிட்டிருக்கும், அது நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும். விற்காததைத் திரும்ப எடுக்கும் செலவும் நம் தலையில். அதற்குப் பதில் அந்த ஊரிலேயே சிறிய அரவை இயந்திரத்தோடு ஒரு கடை போட்டு, வறுத்த கொட்டையை வாரம் இருமுறை பஸ்ஸில் அனுப்பலாம். பஸ் பயணம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் ஊர் என்றால் அங்கேயே இன்னொரு டிரம் வேண்டும், அதற்கு முன்பு இன்னொரு வறுவல் மாஸ்டர் வேண்டும். கொட்டை டிரம்முக்குள் வெடிக்கும் முதல் சத்தத்தைக் கேட்டு, நிறம் பார்த்து, சரியான நொடியில் கீழே இறக்கத் தெரிந்தவர் உருவாக ஓரிரு வருடமாவது ஆகும். இரண்டாவது கடையின் திறப்பு நாள் அவர் கையில்.