பழி எந்தப் பக்கம் போகிறது?

ஆங்கிலத் தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வி ஒன்று: ‘தி டூ டிரைவர்ஸ் பிளேம்டு ____, சோ நைதர் பெய்டு ஃபார் தி டேமேஜ்.’ தெம்செல்வ்ஸ் போடுவதா, ஈச் அதர் போடுவதா? டிரைவர்ஸ் பன்மைதானே என்று தெம்செல்வ்ஸை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஈச் அதரும் பன்மைக்குத்தான் வரும். எழுவாயை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது.

பழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். முதலாமவர் இரண்டாமவரைச் சொல்கிறார், இரண்டாமவர் முதலாமவரைச் சொல்கிறார் என்றால் ஈச் அதர். அவரவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டால் தெம்செல்வ்ஸ். இந்த வாக்கியத்தில் துப்பு காற்புள்ளிக்குப் பிறகு இருக்கிறது: இருவருமே சேதத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர் அப்படிக் கைவிரித்திருப்பாரா? ஆகவே ஈச் அதர். அதே வாக்கியம் ‘சோ போத் அப்பாலஜைஸ்டு’ என்று முடிந்திருந்தால் தெம்செல்வ்ஸ்தான் சரி.

நமக்கு இதில் தடுமாற்றம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ‘பார்த்துக்கொண்டார்கள்’ என்று தமிழில் சொன்னால் கண்ணாடியில் தங்களைப் பார்த்ததாகவும் இருக்கலாம், ஒருவரை ஒருவர் பார்த்ததாகவும் இருக்கலாம். ‘கொண்டார்கள்’ இரண்டுக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன் அனதர் எங்கே வரும்? இருவர் என்றால் ஈச் அதர், மூவரும் அதற்கு மேலும் என்றால் ஒன் அனதர் என்று பள்ளி இலக்கணங்கள் சொல்லும். இந்தப் பிரிவினையால் பயனும் இல்லை, மொழி வரலாற்றில் அதற்கு ஆதாரமும் இல்லை என்று ஃபௌலர் தம் 1926ஆம் ஆண்டு அகராதியிலேயே எழுதிவிட்டார். நல்ல எழுத்தாளர்களும் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் விடைத்தாளில் ஃபௌலரைத் துணைக்கு அழைக்க முடியாது. இரண்டும் விருப்பங்களில் இருந்தால் எண்ணிக்கையைப் பார்த்தே எழுதுங்கள்.

மைசெல்ஃபுக்கு வருவோம். செய்பவர் ‘ஐ’ ஆக இருந்து, அந்தச் செயல் அவர் மேலேயே விழுந்தால் அது வரும்: ‘ஐ கட் மைசெல்ஃப் வைல் ஷேவிங்.’ மரியாதையாக இருக்கும் என்று நினைத்து ‘பிளீஸ் கால் மாலா ஆர் மைசெல்ஃப்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. மாலாவை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘பிளீஸ் கால் மைசெல்ஃப்’ என்று யாரும் சொல்லமாட்டோம். அங்கே ‘மீ’ தான். ‘மாலா அண்ட் ____ வில் கம்’ என்றாலும் இதே சோதனைதான். மாலா போனபின் ‘ஐ வில் கம்’ மிஞ்சும், அதனால் விடை ‘ஐ’.