காணாமல் போன பார்சலும் 180 நாள் கெடுவும்

சின்னாளப்பட்டியில் சேலை வியாபாரம் செய்யும் ஒருவர், ஜனவரி 10 அன்று 24 சுங்குடிச் சேலைகளைக் கூரியரில் கொல்கத்தாவுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு 21,600 ரூபாய், கூரியர் கட்டணம் 650 ரூபாய். ஒரு வாரமாகியும் பார்சல் போய்ச் சேரவில்லை. இணையத்தில் பார்த்தால் ஏதோ ஒரு ஊர் ஹப்பிலேயே நிற்கிறது. கஸ்டமர் கேரில் “விசாரணையில் இருக்கிறது” என்கிறார்கள். மறுவாரம் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த வியாபாரிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது ஜனவரி 10 அன்று புக்கிங் கவுண்டரிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

கூரியர் நிறுவனங்களும் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்குள் வருகின்றன. அச்சட்டத்தின்படி, சரக்கு தொலைந்தால் நிறுவனத்தின் கவனக்குறைவை அனுப்பியவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: கட்டணத்தைப் போலப் பத்து மடங்கு. அதுவும் ரசீதில் எழுதிய மதிப்பைத் தாண்டாது. நம் வியாபாரிக்கு அதிகபட்சம் 6,500 ரூபாய்தான். கட்டணம் கூடிவிடுமே என்று மதிப்பை 1,000 ரூபாய் என எழுதியிருந்தால் அந்த ஆயிரத்தோடு சரி. முழு மதிப்பையும் எழுதி, அதற்கான கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்டியிருந்தால் மட்டுமே இந்த வரம்பு விலகும்.

ரசீதின் பொடி எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. படிக்காததற்குப் பாரதி நிட்டிங் கம்பெனி கொடுத்த விலை பெரியது. 1990-இல் ஜெர்மனிக்கு ஆடை ஏற்றுமதி செய்த அந்நிறுவனம், அதற்கான ஆவணங்களைக் கூரியரில் அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. நகல் போவதற்குள் விற்பனைக் காலம் முடிந்துவிட்டதால் வாங்குபவர் தொகையைக் குறைத்துக்கொடுத்தார். 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நட்டம். மாநில நுகர்வோர் ஆணையம் அதைத் தரச் சொன்னது. தேசிய ஆணையமோ ரசீதில் அச்சிட்டிருந்த 100 டாலர் போதும் என்றது. ஒப்பமிட்டவரை நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

அடுத்த பள்ளம் காலக்கெடு. வழக்குப் போடும் முன் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் தந்திருக்க வேண்டும். அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். பார்சல் தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனவரி 10-இல் அனுப்பியவருக்கு ஜூலை 9 கடைசி நாள். கஸ்டமர் கேருக்குப் பேசிய இருபது அழைப்பும், அவர்கள் தந்த புகார் எண்ணும் இந்த நோட்டீஸுக்கு ஈடாகா. ரசீதில் ஏழு நாள், முப்பது நாள் என்று குறுகிய கெடு இருந்தால் அதற்குள்ளேயே அனுப்பிவிடுவது நல்லது.

நோட்டீஸ் நீளமாக இருக்க வேண்டியதில்லை. டாக்கெட் நம்பர், புக்கிங் தேதி, சரக்கின் விவரம், கேட்கும் தொகை ஆகியவை போதும். இன்வாய்ஸ், ரசீது ஆகியவற்றின் நகலையும், சரக்கு வரவில்லை என்று வாங்குபவர் எழுதிய கடிதத்தையும் இணைத்து, ஒப்புதல் அட்டையுடன் அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று அவர்கள் காட்டினால், யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்ற சான்றைக் கேட்க வேண்டும். பல வழக்குகள் திரும்புவது அந்தக் கையெழுத்தில்தான். காணாமல் போன சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருப்பதால், அந்தத் தொகையையும் கோரிக்கையில் சேர்ப்பது நியாயம்.

சில நாளில் ஒரு போன் வரும்: “கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்.” அந்தத் தாளில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று இருந்தால், போட்ட கையெழுத்தோடு மீதிக் கோரிக்கை பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

பதிலே வராவிட்டால் எங்கே போவது? வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்பதால் பெரிய நிறுவனங்களுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. சுயதொழிலால் பிழைப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. சேலை விற்று வீட்டை ஓட்டுபவர், அதைத் தெளிவாக எழுதி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். அங்கே சரக்கின் மதிப்பைப் பார்ப்பதில்லை. செலுத்திய கூரியர் கட்டணமே கணக்கு. அது 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

பார்சல் வரவில்லை என்று தெரிந்த அன்றே புக்கிங் தேதியிலிருந்து 180 நாளை எண்ணி, அந்தக் கடைசி நாளைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.