சினம் ஆற இருபது நிமிடங்கள்

சில மாதங்களுக்கு முன் லோயர் கேம்ப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கடும் நீரிழப்புடன் எங்கள் சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய். தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஆயினும் இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள், மகன் தேநீர் வாங்கச் சென்ற வேளையில் என்னை அருகில் அழைத்து, "பாதி மருந்துதாங்க ஏத்திக்கிட்டேன். பையனுக்குச் செலவு குறையட்டும்னு" என்றார்.

மகன் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். ஒரு மாலை களைத்து வீடு திரும்பியபோது தந்தை சர்க்கரை போட்ட காபி குடித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தொடங்கிய வாக்குவாதம் கால்மணி நேரம் நீண்டு, "நான் சம்பாதிக்கிறதெல்லாம் உங்க ஊசிக்கே போகுதுப்பா" என்ற சொல்லில் முடிந்தது. மகன் அதை மறுநாளே மறந்துவிட்டார். தந்தையோ அன்று முதல் தமது மருந்தைக் குறைத்துக்கொண்டார்.

சினம் வரக்கூடாது என்று நோயாளியின் வீட்டாரிடம் கூறுவதில் பயனில்லை. சினம் மூளும்போது பேச்சை நிறுத்துவது எப்படி, மீண்டும் தொடங்குவது எப்போது என்பதை முன்கூட்டியே விதியாக வகுத்துக்கொள்ள முடியும்.

இதற்கான அடிப்படை நம் உடலிலேயே உள்ளது. சினத்தின்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. அந்நிலையில் எதிரில் இருப்பவர் கூறும் நியாயம் நம் காதில் விழுந்தாலும் மனத்தில் பதிவதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் காட்மன் என்னும் உளவியலாளர் தம் ஆய்வகத்தில் தம்பதியரின் வாக்குவாதங்களைக் கவனித்தார். ஒருமுறை, கருவிகளைச் சரிசெய்ய வேண்டும் என்று கூறி இடையில் நிறுத்தி, சண்டையைப் பற்றிப் பேசாமல் இதழ்களைப் படிக்கச் செய்தார். ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குப் பின் அவர்களின் இதயத்துடிப்பு தணிந்திருந்தது. அதே பிரச்சினையை அவர்கள் வேறு தொனியில் பேசினர். வாக்குவாதத்தின்போது துடிப்பு நிமிடத்திற்கு 100-ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்துவது நல்லது என்பது அவர் தரும் அளவுகோல்.

மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்கினால் துடிப்பு தெரிந்துவிடும். ஆனால் மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சினத்திலும் துடிப்பு அவ்வளவாக உயராது. அவர்கள் வேறு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். குரல் உயர்தல், தொண்டை இறுகுதல், ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லுதல், பழைய நிகழ்ச்சியை இழுத்தல் ஆகியவை தெளிவான அடையாளங்கள்.

அந்தத் தந்தையும் மகனும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் மூவருமாக அமர்ந்து நான்கு விதிகளை ஒரு தாளில் எழுதினோம்.

முதல் விதி: நிறுத்தக் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. கேட்பவர் தம்மைப் பற்றியே சொல்ல வேண்டும். "எனக்குக் கோபம் ஏறுது, அப்புறம் பேசுறேன்" என்பது சரி. "முதல்ல நீங்க வாயை மூடுங்க" என்பது இடைவேளை அன்று; அது அடுத்த அடி. சொல்ல நா எழாவிட்டால் கையை உயர்த்தினாலே போதும் என்று உடன்பட்டனர்.

இரண்டாம் விதி: திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டே விலக வேண்டும். இருபது நிமிடங்களுக்குக் குறையக்கூடாது. அன்றைய இரவைத் தாண்டவும் கூடாது. நிறுத்தக் கேட்டவரே மீண்டும் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மூன்றாம் விதி: இடைவேளையில் சண்டையை மனத்துக்குள் தொடரக்கூடாது. பிராட் புஷ்மன் என்னும் ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குச் சினம் ஆறவில்லை. எதுவும் செய்யாமல் அமைதியாக அமர்ந்திருந்தவர்களைவிட அவர்களே கூடுதல் சினத்துடன் இருந்தனர். ஆகவே, "அவர் அப்படிச் சொன்னாரே" என்று மனத்தில் ஓட்டுவதும், உறவினரைத் தொலைபேசியில் அழைத்து முறையிடுவதும் இடைவேளையை வீணாக்கும். மெதுவாக நடப்பது, பாத்திரம் கழுவுவது, மூச்சை நிதானமாக இழுத்து அதைவிட நீளமாக வெளியிடுவது ஆகியவை உதவும். இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு குமுளி மலைச்சாலையில் ஏறுவதும், மது அருந்துவதும் கூடவே கூடாது.

நான்காம் விதி: மருந்தும் உணவும் சண்டைக்கு அப்பாற்பட்டவை. ஊசி நேரம் வந்தால் இடைவேளையிலும் ஊசி போட வேண்டும். பேச்சு நின்றிருக்கலாம், பராமரிப்பு நிற்கலாகாது.

நீரிழிவு நோயாளியின் வீட்டில் இவற்றுக்கெல்லாம் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் காரணமின்றித் திடீரென எரிந்து விழுந்தால், வியர்த்தால், கை நடுங்கினால், அது சினமாக இல்லாமல் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அவரைத் தனியே விட்டு விலகுவது ஆபத்து. உடனே சர்க்கரையை அளக்க வேண்டும். 70-க்குக் கீழ் இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். சாந்தமான முதியவர் ஓரிரு நாள்களில் குணம் மாறினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றும் சோடியம் குறைவும் அவ்வாறு செய்யும்.

விதிகள் எழுதிய முதல் வாரத்திலேயே அந்த வீட்டில் ஒரு தவறு நேர்ந்தது. வாக்குவாதம் எழுந்ததும் மகன் நேரம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். அவர் சினத்தை அடக்கிக்கொண்டதாகவே எண்ணினார். எழுந்து நடக்கச் சிரமப்படும் தந்தையோ, மகன் தம்மை விட்டுப் போய்விட்டதாகவே எண்ணி இரவு உணவைத் தொடவில்லை. நோயாளியால் அறையை விட்டு வெளியேற முடியாது. விலகுவது எப்போதும் பராமரிப்பவரே. அதனால்தான் இரண்டாம் விதி மற்ற மூன்றையும்விட முக்கியமானது. படுக்கையில் இருப்பவரானால், விலகும் முன் தண்ணீர் கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் மற்றொருவரை அருகில் இருக்கச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும்.

அடுத்த முறை மகன், "அரைமணி நேரத்துல வர்றேன்ப்பா" என்று கூறி மின்நிலையச் சாலையில் நடந்துவிட்டு வந்தார். திரும்பியதும் காபியைப் பற்றிப் பேசவில்லை. "ஊசிச் செலவைப் பத்தி அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றார். இடைவேளைக்குப் பின் முதல் வாக்கியம் இவ்வாறு தம் பங்கை ஏற்பதாக இருந்தால், மீதிப் பேச்சு எளிதாகும். சர்க்கரையில்லாக் காபி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருவரும் உடன்பட்டனர்.

இந்த விதிகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அடி, மிரட்டல், பூட்டி வைத்தல், பட்டினி போடுதல் நிகழும் வீட்டில் இவை பொருந்தா. அங்கே தேவை பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற எண்ணையும், முதியோர் 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம்; எங்கள் செவிலியரிடம் தனியாகச் சொன்னாலும் உதவி கிடைக்கும்.

சென்ற மாத மறுபரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே வந்தனர். தந்தை முழு அளவு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். "இப்பவும் சண்டை வருதுங்க. ஆனா, எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுத்தான் போறான்" என்றார்.