உதிரிச் சிகரட்டும் ஊர்ப் பிள்ளைகளும்

சிகரட் விலை கூடியது என்று செய்தி வரும்போது, நம் நாட்டில் அது பெரும்பாலும் "ஒன்றுக்கு இத்தனை ரூபாய்" என்றே வரும். பெட்டிக் கணக்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சந்திக்கடையில் சிகரட் பெட்டியாகப் போவது குறைவு, ஒவ்வொன்றாகப் போவதுதான் வழக்கம் என்பதால் வந்த பழக்கம் இது.

கணக்குக்காக ஒரு சிகரட் 150 ரூபாய், பெட்டியில் 20 என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 3000 ரூபாய். ரியூசன் வகுப்புக்குப் போகும் பதினைந்து வயதுப் பையனிடம் அவ்வளவு காசு இருக்காது. இருந்தால் வீட்டில் உம்மா கேட்பார். வாங்கினாலும் மிச்சப் பெட்டியை ஒளிக்க இடம் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவுமில்லை. "நானா, ஒண்டு தாங்க" என்றால் போதும். இரண்டு பேர் காசு சேர்த்து ஒன்றை மாறிமாறி இழுத்தால் தலைக்கு 75 ரூபாய்தான். பற்றவைக்கக் கடையிலேயே லைட்டர் கயிற்றில் தொங்கும்.

உதிரியாக வாங்கினால் ஒன்றின் விலை குறைந்துவிடுவதில்லை. குறைவது ஒரே தடவையில் கையை விட்டுப் போகும் தொகை. வரி பிசகுவதும் இங்கேதான். ஒன்றுக்கு 10 ரூபாய் கூடினால் பெட்டிக்கு 200 ரூபாய் கூடுகிறது. பெட்டி வாங்குபவர் ஒரு கணம் யோசிப்பார். ஒன்று வாங்குபவருக்கு அது வெறும் 10 ரூபாய். நாளுக்கு ஐந்து குடிக்கும் பெரியவருக்கு மாதக் கடைசியில் சுமை தெரியும். கிழமைக்கு ஒன்று பழகிப் பார்க்கும் பிள்ளைக்கு அது தெரிவதற்குள் நிக்கொட்டின் பிடித்துவிடும்.

பெட்டியில் 80 சதவீத இடத்தைப் பிடித்திருக்கும் எச்சரிக்கைப் படமும் உதிரியாக வாங்குபவன் கைக்கு வருவதில்லை. பெட்டி முதலாளியின் மேசையிலேயே கிடக்கிறது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. ஆனால் ஒரு சிகரட் விற்க அரை நிமிடமும் ஆகாது. "வாப்பாக்கு" என்று சொன்னால் பல கடைகளில் அதற்குமேல் கேள்வியும் இல்லை. சட்டப்படி அந்தச் சாட்டுச் செல்லாது. வாங்கும் கையின் வயதுதான் கணக்கு.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் சமவாயம் 16ஆம் உறுப்புரையில், உதிரி விற்பனையையும் சிறு பெட்டிகளையும் தடைசெய்ய முயலுமாறு நாடுகளிடம் கேட்கிறது. இலங்கை 2003இலேயே அதை ஏற்றுக்கொண்டது. உதிரியைத் தடுத்தால் பெரியவர்கள் பெட்டியாக வாங்கிக் கூடுதலாகக் குடிப்பார்கள் என்றொரு வாதமுண்டு. சிலர் விசயத்தில் அது நடக்கலாம். ஆனால் இன்னும் பழகாத பிள்ளைக்கு அந்த வாதம் பொருந்தாது. 3000 ரூபாய் தேடிப் பழகத் தொடங்குபவன் அபூர்வம்.

கடைக்காரருக்கோ இது வேறு கணக்கு. சிகரட் வாங்க வருபவன் ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுத்தான் போவான். ஆகவே தடை வந்தாலும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி உடைந்தே இருக்கும். கடைக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரி தேட வேண்டியது அதைத்தான், தொங்கும் லைட்டரையும் சேர்த்து.